அத்தை மகன் கேலி: கிருஷ்ணகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோதே கண் இருட்டிக்கொண்டு வர, அந்தப் பெண் மேசைமேல் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமில்லாத பெண்களுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. சர்க்கரை, தைராய்டு இரண்டும் சரியாகவே இருந்தன. எடை 71 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். "வேளா வேளைக்குச் சாப்பிடறீங்களா?" என்று மருத்துவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மருத்துவர் இவரை என்னிடம் அனுப்பினார்.

நான் கிருஷ்ணகிரியில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். இதை எழுத அந்தப் பெண்ணின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஊர், உறவு விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் வேண்டாம் என்றார், ஆகவே இல்லை.

வயது 34. காவேரிப்பட்டணம் பக்கம் வீடு. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார். எட்டு வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன். கணவர் சொந்த அத்தை மகன்.

முதல் நாள் அவர் கணவரைப் பற்றிச் சொன்னது இதுதான்: "மாமா நல்லவருங்க மேடம். குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு, சம்பளத்தை அப்படியே கொண்டாந்து குடுத்துடுவாரு." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பின்னால் நான் தனியாக, துருவித் துருவிக் கேட்டபோதும் அதுவே உறுதியானது. நம் பக்கத்தில் ஒரு ஆணுக்கு நல்லவன் என்ற பட்டம் கிடைக்க இந்த மூன்றும் போதும். அதற்குமேல் ஒரு பெண் குறை சொன்னால், "கொழுப்பு" என்று முடித்துவிடுவார்கள். அவருக்கே அப்படித்தான் தோன்றியிருந்தது.

இரண்டாம் முறை வந்தபோது நான் ஒரு தவறு செய்தேன். சத்துக் குறைவு, உடல் பருமன் இரண்டும் கண்ணெதிரே இருந்ததால், என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சாதத்தைக் குறைத்து ஒருவேளை களி, கீரை, சாயங்காலம் அரை மணி நேரம் நடை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவர் வரவில்லை. திரும்பி வந்த அன்று கேட்டேன், ஏம்மா வரலை என்று. "நீங்களும் என்னை ஏற இறங்கப் பாத்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். நான் சொன்னதில் மருத்துவக் குறை எதுவுமில்லை. ஆனால் பத்து வருடமாக ஒருவர் அளந்துகொண்டே இருக்கும் உடம்பை, விசாரிக்காமல் இன்னொருவரும் அளந்தார். இப்படி வருபவர்களிடம் எடையைப் பற்றி முதலில் பேசவே கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அன்றுதான் கிளிப்பச்சைச் சேலை விஷயம் வெளியே வந்தது.

பாலக்கோட்டில் நாத்தனார் வீட்டில் வளைகாப்பு. இவர் கிளிப்பச்சையில் மஞ்சள் கரை வைத்த சேலை கட்டி, கரைக்குப் பொருத்தமாகத் தானே ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் இறங்கும்போதே கணவர், கூடியிருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "டிராக்டருக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு ஓட்டியாந்திருக்கேன், வழி விடுங்க" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நானும் சிரிச்சேன் மேடம். சிரிக்கலைன்னா, அத்தை மகன் கேலி பண்றதைக்கூடத் தாங்க மாட்டேங்கறாம்பாங்க."

அந்தச் சேலை அதற்குப் பிறகு பீரோவைவிட்டு வெளியே வரவில்லை. இப்போது அவரிடம் இருப்பவை காபிப்பொடி நிறம், கருநீலம், சாம்பல். ஊருக்கெல்லாம் நிறம் பார்த்து நூல் எடுத்துத் தைக்கிறவர் அவர்.

கேலி எங்கே கேலியாக இல்லாமல் போகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கேலி என்பது நம் உறவுமுறையில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. மாரியம்மன் பண்டிகையில் முறைப்பெண் முறைமாமன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறாள், அவனும் ஓட ஓட விரட்டி ஊற்றுகிறான். அவன் "குண்டு பூசணி" என்பான், அவள் "ஒட்டடைக் குச்சி" என்பாள். இதில் யாருக்கும் காயமில்லை. இருவர் கையிலும் குடம் இருக்கிறது என்பதே காரணம்.

கல்யாணமான மறுநாள் ஒருவர் குடம் பிடுங்கப்படுகிறது. அத்தை மகனாக அவனுக்கு இருந்த கேலி உரிமை அப்படியே தொடர்கிறது. அவளோ இப்போது மனைவி, மருமகள், மரியாதை காட்ட வேண்டியவள். இவர் ஒரே ஒருமுறை, கணவருக்கு முன்மண்டையில் முடி கொட்டுவதை அவர் தங்கை வீட்டில் வைத்துக் கேலி செய்திருக்கிறார். நான்கு நாள் அவர் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசிய முதல் வார்த்தை, "நாலு பேர் முன்னாடி புருஷன் மானத்தை வாங்கறியா?" என்பது.

அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் கல்யாணத்துக்குப் பின்னும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆரம்பம் விளையாட்டாக இருந்ததால், எந்த நாளில் அது விளையாட்டாக இல்லாமல் போனது என்று அவர்களால் குறித்துச் சொல்ல முடிவதில்லை. அதனால் நான் இருவரிடமும் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. அவள் திருப்பிச் சொன்னால் சிரிப்பீர்களா? அவள் வேண்டாம் என்றபின் நிறுத்தினீர்களா? அவள் முகம் வாடியதைப் பார்த்தபின் அதே பேச்சை இன்னொரு முறை எடுத்தீர்களா?

அளவு நோட்டின் கடைசிப் பக்கங்கள்

தையல்காரர்களிடம் ஒரு அளவு நோட்டு இருக்கும். யார் யாருக்கு உடல் சுற்று, தோள், கை நீளம், இறக்கம் எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பார்கள். அதன் கடைசிப் பக்கங்களில் பதினான்கு நாளைக்கு ஒரு கணக்கு எழுதச் சொன்னேன். கணவர் என்ன சொன்னார், எப்போது, பக்கத்தில் யார் இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில், அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்.

பதினான்கு நாளில் பத்தொன்பது வரிகள் வந்தன. "இட்லி இன்னும் ரெண்டு வேணுமா, வேண்டாமா, யோசிச்சுக்கோ." "நைட்டியில பாத்தா எங்க பெரியம்மா மாதிரியே இருக்கே." "வண்டி பின்னாடி உக்காந்தா டயர்ல காத்து கேக்குது." "இந்தக் கலருக்கு இன்னும் கறுப்பா தெரியற." எட்டு வரிகள் பிறர் முன்னால் சொன்னவை. அதில் மூன்றின்போது மகள் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

இவற்றில் எதைத் தனியாக எடுத்துச் சொன்னாலும், "இதுக்கா இவ்வளவு?" என்று யாரும் கேட்பார்கள். இந்த வகைப் பேச்சை வெளியே சொல்ல முடியாமல் போவதற்குக் காரணமே அதுதான். பஞ்சாயத்தில் வைக்கிற அளவுக்கு எந்த ஒரு வார்த்தையும் பெரிதில்லை. நான் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் படித்தேன். "சேலை மாத்திக்கிட்டேன்." "சாப்பிடலை." "ஸ்கூல் மீட்டிங்குக்குப் போகலை, அவரைப் போகச் சொன்னேன்." "வண்டியில ஏறலை, பஸ்ல போனேன்." "சாப்பிடலை." "கண்ணாடியத் திருப்பி வச்சேன்." பத்தொன்பதில் பதினாறு வரிகளில் அவர் எதையோ விட்டுக்கொடுத்திருந்தார். சுயமரியாதை போய்விட்டதா என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. இந்தக் கட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

"சாப்பிடலை" என்று எழுதிய நாட்களில் இன்னொரு விஷயமும் நடந்திருந்தது, அதை அவர் எழுதவில்லை, வெட்கத்தோடு வாயால் சொன்னார். காலையும் மதியமும் டீயோடு ஓட்டிவிடுவார். ராத்திரி ஷிப்டுக்குக் கணவர் கிளம்பிய பிறகு, பிள்ளைகள் தூங்கியதும், அடுப்படியில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டே மிச்சச் சாதம், மிக்சர், பிள்ளைகள் வைத்த பிஸ்கட் என்று கை போன போக்கில் சாப்பிடுவார். பிறகு அழுவார். பகலெல்லாம் பட்டினி கிடந்த உடம்பு ராத்திரி அப்படித்தான் கேட்கும். வெட்கம் சேர்ந்தால் இன்னும் அதிகமாகக் கேட்கும். ரத்தம் குறைந்ததும் எடை குறையாமல் இருந்ததும் ஒரே காரணத்தால்தான். மெலியட்டும் என்று சொல்லப்பட்ட சொற்களே அவரை மெலிய விடாமல் வைத்திருந்தன.

வேலையிலும் அடி விழுந்திருந்தது. துணியைத் தப்பாக வெட்டிவிடுவது, கை இரண்டையும் ஒரே பக்கத்துக்குத் தைத்துவிடுவது என்று ஆறு மாதத்தில் நான்கு ரவிக்கைகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. "கத்திரியைப் பிடிச்சிருக்கப்பவே, உக்காந்திருக்கற என்னை யாரோ எதிர்ல நின்னு பாக்கற மாதிரியே இருக்கும் மேடம்" என்றார். இதற்கு உளவியலில் பெயர் உண்டு. பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-ல் இதை விளக்கினார்கள். பிறர் கண்ணாலேயே தன் உடம்பைத் தொடர்ந்து பார்க்கப் பழகிய பெண்ணுக்கு, கவனத்தில் ஒரு பங்கு எப்போதும் அதற்கே போய்விடுகிறது. மறு ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், தனி அறையில் நீச்சலுடை போட்டுக் கண்ணாடி பார்த்த பெண்கள், ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் கணக்குத் தேர்வில் குறைவாக எடுத்தார்கள். அந்த அறையில் அவர்களை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தையலும் கணக்குதான். கணவர் ஓசூரில் இருக்கும் நேரத்திலும் இவர் துணியைத் தப்பாக வெட்டினார்.

அதே நோட்டின் முன்பக்கங்களை ஒருநாள் புரட்டிக்கொண்டிருந்தேன். "உங்க அளவு எங்கே?" என்று கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது, கல்யாணத்துக்கு முன் எழுதியது. சுற்று 34. இன்றுவரை தனக்கு அந்த அளவை ஒட்டி, ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் கூட்டித்தான் தைத்துக்கொள்கிறார். அக்குளில் வெட்டி, கொக்கி இழுத்து, மூச்சு முட்டும். ஏன் என்றால், "இளைச்சிடுவேன்ல, அப்ப தொளதொளன்னு ஆயிடும்." வாடிக்கையாளர்களுக்குத் தைக்கும் ஒவ்வொரு ரவிக்கையிலும் பின்னால் பிரித்துவிட வசதியாக இருபுறமும் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடுகிறவர், தன்னுடையதில் அரை அங்குலம்கூட விட்டதில்லை.

இன்றைய அளவில் ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். வேறு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. இன்ச் டேப்பைத் தன் உடம்பில் சுற்றுவதற்கே இரண்டு வாரம்.

இளைத்தால் சரியாகிவிடுமா

அவர் என்னிடம் பலமுறை கேட்டது இது. "நான் இளைச்சுட்டா அவர் சொல்றது நின்னுடும் இல்லீங்களா?" இந்த நம்பிக்கை இருக்கும்வரை எதுவும் அசையாது. ஏனென்றால் குற்றம் முழுக்கத் தன் உடம்பில் இருப்பதாக அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் வாதாடவில்லை. கல்யாணமானதிலிருந்து எப்போதாவது இளைத்திருந்தீர்களா என்று மட்டும் கேட்டேன். மகள் பிறந்து இரண்டு வருடம் கழித்து டைபாய்டு வந்து 52 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார். அப்போது கணவர் என்ன சொன்னார்? வெகுநேரம் யோசித்து, தானே திகைத்தவர்போல, "காஞ்ச கருவாடுன்னு சொன்னாரு" என்றார். பிறகு மெதுவாக, "அப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றார்.

அந்த அமர்வுக்குப் பிறகு அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கணவரை அழைத்தது

கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைப்பதற்கு முன் மனைவியிடம் தனியாகச் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். அடித்திருக்கிறாரா, படுக்கையில் வற்புறுத்துகிறாரா, வெளியே போகத் தடை உண்டா, இங்கே பேசியதற்காக வீட்டில் ஏதாவது நடக்குமா, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலும் நான் கூட்டு அமர்வுக்குப் போவதில்லை. இங்கே அவர் வாய் திறந்தால் அங்கே அடி விழும் என்ற நிலையில் இருவரையும் உட்கார வைப்பது அவரைக் காட்டிக்கொடுப்பதாகும். இந்தப் பெண் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அவர் பயந்தது ஒன்றுக்குத்தான்: கணவர் சிரித்துவிடுவாரோ என்று.

அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "முறைக்காரி மேடம், கேலி பண்ணாம எப்படி?" என்றார். அடுத்து, "அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். எங்க அத்தைக்கு, அவ அம்மாவுக்கு, சுகர். இவளுக்கும் வந்துடக் கூடாதே." கேலி, அக்கறை. எல்லாக் கணவர்களும் இந்த இரண்டு கதவுகளில் ஒன்றின் வழியாகத்தான் வெளியே போகப் பார்க்கிறார்கள்.

அக்கறையைப் பற்றிக் கேட்டேன். தாய்க்குச் சர்க்கரை இருக்கும்போது மகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம், எடை கூடினால் இன்னும் அதிகம். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. சரி, இத்தனை வருடத்தில் மனைவியை ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனீர்களா? இல்லை. சாயங்காலம் அவர் நடக்கப் போக, பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டதுண்டா? இல்லை. வளைகாப்பு வாசலில் டிராக்டர் என்று சொன்னது எந்த நோய்க்கு? அவர் தலை குனிந்துகொண்டார். அக்கறை இருப்பவர் தனியாகச் சொல்வார், சொன்னதற்கு ஏதாவது செய்வார். நாலு பேருக்குக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பிறகு மனைவி அளவு நோட்டைத் திறந்து கடைசிக் கட்டத்தை மட்டும் வாசித்தார். பதினாறு வரி. கணவர் சொன்ன சொற்களை வாசிக்க வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவற்றை வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வரும். "சாப்பிடலை" என்பதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

கணவர் ஒப்புக்கொண்டது ஒரே விஷயம். இரண்டு மாதத்துக்கு மனைவியின் உடம்பு, நிறம், உடை, சாப்பாடு பற்றி நல்லதோ கெட்டதோ எதுவும் பேசுவதில்லை. பாராட்டையும் சேர்த்து நிறுத்தச் சொன்னேன். "இன்னிக்குப் பரவாயில்லையே" என்பதும் மதிப்பெண் போடுவதுதான்.

மூன்றாம் வாரமே அது கோணலாகிப் போயிற்று. சொற்கள் நின்றன. ஆனால் தட்டில் மனைவி கை வைக்கும்போது கணவரின் பார்வை தட்டுக்குப் போகும். உறவினர் முன்னால், "நான் ஒண்ணும் சொல்லலப்பா, எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்காங்க" என்று கையை உயர்த்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டே அதே வேலையைச் செய்வது இது, பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வரும். இதை எதிர்பார்த்து முதலிலேயே சொல்லி வைக்கத் தவறிவிட்டேன். அடுத்த அமர்வில் பார்வையையும் பெருமூச்சையும் வாய்ப்பூட்டுப் பேச்சையும் கணக்கில் சேர்த்தோம்.

இடையில் ஒருநாள் அந்தப் பெண் கேட்டார், "இதுக்கெல்லாம் சட்டம் இருக்குங்களா?" இருக்கிறது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3-ம் பிரிவு, அவமதிப்பதையும் ஏளனம் செய்வதையும் பட்டப்பெயர் வைத்து இழிவுபடுத்துவதையும் சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறையாகவே சொல்கிறது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். வழக்கு வேண்டாம் என்றார். வற்புறுத்தவில்லை. ஆனால் "அடிக்காததுனால இது ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன்" என்று அவர் சொன்னபோது குரல் வேறாக இருந்தது.

ஏழு மாதம் கழித்து

ஹீமோகுளோபின் 11.6. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்ததை நிறுத்தி, இடைவெளி விட்டுச் சாப்பிட ஆரம்பித்ததும், காலைச் சாப்பாடு திரும்ப வந்ததும் காரணம். எடை 70. ராத்திரி அடுப்படியில் நின்று சாப்பிடுவது வாரத்துக்கு ஒருநாள் என்று குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை.

கணவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். வீட்டில் பேச்சு பெரும்பாலும் நின்றிருக்கிறது. மகள் முன்னால் அறவே இல்லை. அவள் ஒருநாள் "அப்பா, நானும் டிராக்டரா?" என்று கேட்டதாகவும், அன்று ஷிப்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததாகவும் அவரே என்னிடம் சொன்னார். ஆனால் தங்கை வீட்டுக்குப் போனால், பழைய கூட்டத்தைக் கண்டதும், நாக்கு பழைய இடத்துக்குப் போய்விடுகிறது.

கடைசியாக அந்தப் பெண் வந்தபோது நோட்டைக் கொண்டுவந்திருந்தார். அந்த மாதத்தில் ஒரே ஒரு வரி. பாலக்கோட்டில் காதுகுத்து. கிளிப்பச்சைச் சேலை, புதிய அளவில் தைத்த ரவிக்கை. கணவர் தங்கையிடம் "மறுபடியும் பச்சை வண்டி" என்று ஆரம்பித்திருக்கிறார். இவர் சிரிக்காமல், குரலை உயர்த்தாமல், "மாமா, இது எனக்குப் பிடிக்கலை" என்றிருக்கிறார். யாரும் எதுவும் பேசவில்லை. நாத்தனார் மட்டும், "ஏண்ணே, விடேன்" என்றிருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். "பந்தியில உக்காந்து சாப்பிட்டேன். ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கினேன்."